இரவு 10 மணிக்கு மட்டும் ஏறும் டெம்பரேச்சர்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவர் உணவகம் நடத்துகிறார். ஒரே நேரத்தில் 40 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். பின்கட்டில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு கோல்ட் ரூம். அதை ஒட்டி, தனிக் கதவோடு, கொஞ்சம் சின்னதாக ஒரு ஃப்ரீஸர் ரூம். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆணியடித்து, நூலில் பேனா கட்டிய ஒரு நோட்டு தொங்கும்.

முதல்முறை அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோல்ட் ரூம் மாதம் முழுக்க 4 டிகிரி. ஃப்ரீஸர் மாதம் முழுக்க மைனஸ் 18. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. மாதக் கடைசியில் யாரோ உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் காட்டுவதற்கான நோட்டு அது. குளிர வைக்கும் உணவு 5 டிகிரிக்குள், உறைய வைப்பது மைனஸ் 18 என்பது விதி. (அதென்ன 18 என்று கேட்பவர்களுக்கு: ஃபாரன்ஹீட் கணக்கில் அது கிட்டத்தட்டப் பூஜ்யம்.) ஆனால், நாளுக்குப் பத்து இருபது தடவை கதவு திறக்கும் அறையில், எல்லா நேரமும் ஒரே எண் வரவே வராது. வந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்கே முறையை மாற்றினோம். ஒரு நாளைக்கு மூன்றே தடவை. காலை 6.30-க்கு, கதவைத் திறப்பதற்கு முன்னால். மதியம் 3 மணிக்கு, சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும். இரவு 10 மணிக்கு. யார் பார்த்தாரோ அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். கரண்ட் போனது, லோடு வந்தது, கதவு சரியாகச் சாத்தவில்லை என்று எதுவானாலும் அதில் வரும்.

மூன்று நேரத்துக்கும் மூன்று அர்த்தம் உண்டு. ராத்திரி முழுக்க யாரும் கதவைத் தொடாததால், காலை எண் மெஷினின் உடல்நிலையைச் சொல்லும். மற்ற இரண்டும் நம் ஆட்கள் கதவை எப்படிப் பழகுகிறார்கள் என்று சொல்லும். காலையில் சரியாக இருந்து இரவில் ஏறினால் கதவைப் பார்க்க வேண்டும். காலை எண்ணே வாரத்துக்கு வாரம் ஒரு டிகிரி ஏறினால் காயிலில் ஐஸ், கேஸ் குறைவு, கதவு ரப்பர் என்று மெஷின் பக்கம் தேட வேண்டும்.

இன்னொன்றும் செய்தோம். கதவுக்கு மேலே இருக்கும் டிஸ்ப்ளே காட்டுவது அறையின் காற்றைத்தான். கதவைத் திறந்தாலே காற்றின் சூடு ஏறும். உள்ளே இருக்கும் பொருள் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அதனால், கோல்ட் ரூமில் கதவோரத்து மேல் தட்டில், அதாவது அதிகம் சூடேறும் இடத்தில், ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து அதற்குள் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டோம். டிஸ்ப்ளே 8 காட்டும்போதும் பாட்டில் 4-ல் நின்றால் பதற வேண்டாம். பாட்டிலே 5-ஐத் தாண்டினால்தான் விஷயம். அப்படித் தாண்டி 4 மணி நேரம் ஆகிவிட்டால் சமைத்த உணவு, பால், இறைச்சி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, கொட்டிவிட வேண்டியதுதான். தெர்மாமீட்டர் சரியா என்று பார்ப்பது சுலபம். ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, நடுவில் முனையைப் பிடித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

அந்த மாதம் முதல் 11 நாள்கள் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஃப்ரீஸர் காலையில் மைனஸ் 19 அல்லது 18, மதியம் 17, இரவு 16. பன்னிரண்டாம் தேதி மாதாந்திரப் பராமரிப்புக்காக 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் விளக்கும் மிக்ஸியும்தான் ஓடும், ஃப்ரீஸர் ஓடாது. கதவைத் திறக்காமல் வைத்திருந்ததால், 3 மணிக்கு மைனஸ் 13 வரைதான் ஏறியிருந்தது. மறுநாள் காலை பழையபடி மைனஸ் 18.

ஆனால், 13-ம் தேதி இரவு 10 மணிக்கு மைனஸ் 10. பதினான்கு, பதினைந்து, பதினாறிலும் அதேதான். காலையும் மதியமும் சரியாக இருக்கிறது, இரவில் மட்டும் ஏறுகிறது. நண்பர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். இரவு ஷிஃப்டில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பையனைக் கூப்பிட்டு, "கதவைத் திறந்துபோட்டுட்டு போன்ல பேசிட்டு நிக்கிறியா?" என்று கத்தினார். "இல்லண்ணே, எடுத்தவுடனே சாத்திடுறேன்" என்று அவன் சொன்னது எடுபடவில்லை. சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தாகிவிட்டது. கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கல்லாவில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் இரவு 10 மணிக்கு மைனஸ் 10!

நோட்டை எனக்கு போனில் படம் பிடித்து அனுப்பினார். இரண்டு விஷயங்கள் உறுத்தின. அதே பையன்தான் கோல்ட் ரூம் கதவையும் திறக்கிறான். அங்கே இரவு எண் மாறவே இல்லை. கதவு கெட்ட பழக்கம் ஒரு கதவோடு நிற்காது. இரண்டாவது, கோளாறு தொடங்கியது 13-ம் தேதி. அதற்கு முந்தைய குறிப்புக் கட்டத்தில் இருந்தது 'கரண்ட் கட் 9 - 2'.

இங்கே டிஃப்ராஸ்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே நுழைந்து, குளிர்ந்த காயிலில் வெண்பனியாக ஒட்டிக்கொள்ளும். பனி தடித்தால் காற்று போக வழி இருக்காது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. கோல்ட் ரூமில் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டினால் போதும், அறைக் காற்றே பனியைக் கரைத்துவிடும். ஃப்ரீஸரில் காற்றே உறைநிலைக்குக் கீழே இருப்பதால் அது நடக்காது. அதனால், காயிலுக்குள் ஹீட்டர் வைத்திருப்பார்கள். டைமர் சொல்லும் நேரத்தில் கம்ப்ரஸரும் ஃபேனும் நின்று, ஹீட்டர் 20, 30 நிமிடம் எரியும். உருகிய தண்ணீர் குழாய் வழியாக வெளியே போகும். அந்த நேரத்தில் டிஸ்ப்ளே ஏறத்தான் செய்யும். அடுத்த ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்க ஆரம்பித்தால் கோளாறு எதுவும் இல்லை. ஆனால், அதே நேரத்தில் கதவும் ஓயாமல் திறந்தால் இறங்காது.

நண்பரின் ஃப்ரீஸரில் டிஃப்ராஸ்ட் நேரம் அதிகாலை 4, மாலை 4, இரவு 11. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மெக்கானிக் வைத்தது. டைமர், வட்ட முகப்பில் முள் சுற்றும் பழைய வகை. பேட்டரி கிடையாது. கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். 5 மணி நேரம் கரண்ட் இல்லாததால் அதன் கடிகாரம் 5 மணி நேரம் பின்தங்கிவிட்டது. இப்போது கணக்குப் போடுங்கள். அதிகாலை 4 மணி டிஃப்ராஸ்ட் காலை 9-க்கும், மாலை 4 மணியுடையது இரவு 9-க்கும், இரவு 11 மணியுடையது அதிகாலை 4-க்கும் நகர்ந்துவிட்டன. காலை 6.30-க்கும் மதியம் 3-க்கும் பார்ப்பதற்குள் ஃப்ரீஸர் சமாளித்துக்கொண்டது. இரவு 9 மணிக்கு, டிஃபன் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஹீட்டர் எரிந்திருக்கிறது. பரோட்டாவுக்கும் சிக்கனுக்கும் கதவு திறந்து மூட, 10 மணிக்கு மைனஸ் 10.

பேனல் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கடை கடிகாரத்தில் 9 மணி, டைமரில் மாலை 4 மணி. மெயினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் முகப்பைத் திருப்பிச் சரியான நேரத்தில் வைத்தார். மறுநாள் இரவு மைனஸ் 16. பாக்கெட்டுகள் கல்லாகவே இருந்ததால் எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. பாக்கெட்டுக்குள் திரண்ட ஐஸ் கட்டியோ, தட்டில் உறைந்த கசிவோ இருந்திருந்தால், இளகி மறுபடி உறைந்ததாக எடுத்துக்கொண்டிருப்போம். 500 ரூபாய் பையனிடம் திரும்பிப் போனது.

கதவில் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கடையிலும் பிளாஸ்டிக் பட்டைத் திரையை, தலையில் உரசுகிறது என்று மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். லோடு வந்தால் கதவுக்கு ஒரு கிரேட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே நின்று பிரித்து அடுக்குவார்கள். இப்போது வெளியிலேயே பிரித்து, எந்தத் தட்டுக்கு எது என்று வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஏற்றுகிறார்கள். இரவுக்கு வேண்டிய சிக்கனை மதியமே கோல்ட் ரூமுக்கு மாற்றிவிடுவதால், கூட்ட நேரத்தில் ஃப்ரீஸர் கதவுக்கு வேலை குறைவு. கதவு ரப்பரைப் பார்க்க ஒரு காகிதம் போதும். கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் போய்விட்டது.

டிஃப்ராஸ்ட் ஒழுங்காக ஓடியும் காயில் பனிப்பாறையாகிவிட்டால் ஹீட்டரோ வடிகுழாயோ போயிருக்கும். மெக்கானிக் வரும்வரை கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ கொத்தாதீர்கள். ஒரு குத்து காயிலில் பட்டால் கேஸ் முழுக்கப் போய்விடும், செலவு பல மடங்காகும். சரக்கை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, மெயினை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, தானாக உருகவிட வேண்டும். தரையில் துணி போட்டு அவ்வப்போது பிழியுங்கள். ஈரத்தை விட்டுவைத்தால் அதுவே மறுபடி பனியாகும். ஓடவிட்டதும் மைனஸ் 15-க்குக் கீழே வந்த பிறகு சரக்கை ஏற்றலாம்.

நோட்டில் இப்போது இரண்டு புதுக் கட்டங்கள். ஒன்று, கரண்ட் வந்ததும் 'டைமர் பார்த்தாச்சு'. இன்னொன்று வாரம் ஒரு முறை: ஒருவர் உள்ளே நின்று, வெளியிலிருந்து சாத்திய கதவை உள்கைப்பிடியால் திறந்து பார்ப்பது. போன வாரம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தது அந்தப் பையன்தான்.