36 கேள்விகள், 45 நிமிடம்

ஒருவருக்குப் போன் போடும் முன் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பீர்களா? நான் பார்ப்பேன், வானொலியில் பேசிப் பிழைத்தும்கூட!

இது என் கேள்வியல்ல. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வின் 36 கேள்விகளில் மூன்றாவது. அறிமுகமில்லாத மாணவர்களை ஜோடியாக உட்கார வைத்தார்கள். கட்டத்துக்கு 15 நிமிடமாக மூன்று கட்டம். விருந்துக்கு யாரை அழைப்பீர்கள் என்று லேசாகத் தொடங்கி, குடும்பத்தில் யாருடைய மரணம் உங்களை அதிகம் உலுக்கும் என்பது வரை போகும். வேறு சில ஜோடிகளுக்கு வெறும் அரட்டைக் கேள்விகள். முடிவில் முதல் பிரிவினரே அதிகம் நெருங்கியிருந்தார்கள். கருத்து ஒத்துப்போகாத ஜோடிகளும் அப்படித்தான்.

சூட்சுமம், ஒவ்வொரு கேள்விக்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும் என்பதில் இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அது நேர்காணல். எடுத்த எடுப்பில் மரணத்தைக் கேட்டாலோ, எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். ஆனால் விசுவாசமும் கடப்பாடும் 45 நிமிடத்தில் வராது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டார்கள்.

போன வாரம் அம்மாவிடம் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டேன்.

"உனக்குப் போடும்போது மட்டும்தான்யா. நீ எப்பவும் வேலையா இருப்பியே" என்றார்.

அடுத்துப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.