வரிசையைக் கூட்டினால் சொட்டு நிற்காது

வீரபாண்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஏ.சி. ஓடினால் மேலே காற்று வரும் ஜாலியிலிருந்து பந்தி இலையில் தண்ணீர் சொட்டுகிறது. அமைத்துக் கொடுத்தவர் சொல்லும் வைத்தியம், கூலிங் காயிலை ஆறு வரிசையிலிருந்து எட்டு வரிசையாக மாற்றுவது. வீண் செலவு என்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். விசிறி நிமிடத்துக்கு 6,000 கன அடி காற்றைத் தள்ளுகிறது. காயிலின் முகப்பு 9 சதுர அடி. வகுத்தால் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 667 அடி. ஈரம் படியும் காயிலுக்கு 500 அடிதான் வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால், தகட்டில் படிந்த துளி கீழேயுள்ள தட்டில் விழாமல் காற்றோடு பறந்துவிடும்.

வரிசையைக் கூட்டினால் காற்று மேலும் குளிரும், நீரும் மேலும் பிரியும். அதே காற்றைத் தள்ளும்வரை வேகம் குறையாது. தகடுகளை அங்குலத்துக்கு 14 என நெருக்கினாலோ, நீர் இடுக்கிலேயே தேங்கி நின்று பிறகு பறக்கும், தூசியும் அடைக்கும்.

தட்டைத் தாண்டித் தரை நனைந்திருந்தால் வேகம்தான் காரணம். தட்டே நிரம்பி வழிந்தால் வடிகுழாயைப் பாருங்கள்.

இங்கே தேவை 12 சதுர அடி முகப்பு, அங்குலத்துக்கு 10 தகடு. வரிசை ஆறே போதும். பெட்டி பெரிதாகும், விலையும் கூடும். அதனால்தான் விலைப்பட்டியலில் டன் கணக்கு மட்டும் இருக்கிறது, முகப்பின் அளவு இல்லை. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டு வாங்குங்கள்.