உயிலுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம்

சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மலையாளிக் குடியானவர் உயில் எழுத வந்தால், ஆவண எழுத்தராகவோ வழக்கறிஞராகவோ நாம் முதலில் விசாரிக்க வேண்டியது அவருடைய மகளைப் பற்றித்தான். மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனி அறிவிக்கை வெளியிட்டாலொழிய அவர்களுக்குப் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவே சொல்கிறது. எனவே 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் நாடாளுமன்றமும் மகள்களுக்குத் தந்த உரிமை இந்த மலைக்கு நேராக வந்து சேரவில்லை. 2022 டிசம்பரில் கமலா நேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது, மாற்றுவதை மத்திய அரசு பரிசீலிக்கட்டும் என்றது. 2025 ஜூலையில் ராம் சரண் வழக்கில், பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்காறு நிரூபிக்கப்படாத இடத்தில் சமபங்கை மறுக்க முடியாது என்றது. வழக்காறு உண்டா, அதை யார் நிரூபிப்பது என்று பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவதைவிட, தகப்பன் தன் சொந்த நிலத்தைத் தானே பிரித்து எழுதிவைப்பது மேல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சேர்வராயன் கோயில் பக்கத்துச் சிற்றூர்க்காரர். மனைவி இல்லை, இரண்டு மகன், ஒரு மகள். கிரயம் வாங்கிய நிலம் மூன்று ஏக்கர். அதில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. ஓர் ஏக்கர் புன்செய். மீதி ஐம்பது சென்டில் வீடும் பலா மரங்களும். உயிலில் மூத்தவனுக்கு ஓர் ஏக்கர் காப்பி, மகளுக்கு ஐம்பது சென்ட் காப்பி, இளையவனுக்குப் புன்செய்யும் வீடும். அளவிலும் மதிப்பிலும் பங்குகள் ஏறுமாறானவை. அதனால் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லி ஒரு கடிதமும் எழுத விரும்புகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

“காப்பிக்குக் குழி வெட்டினதும் கொடி ஏத்தினதும் பெரியவன். அதனாலதான் அவனுக்கு ஒரு ஏக்கர். சின்னவன் திருப்பூர்ல கடை வைக்க ஒரு துண்டு நிலத்தை வித்துப் பணம் கொடுத்தேன். அதைக் கழிச்சுத்தான் அவன் பங்கு. பாப்பாவுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சுன்னு சொல்லாதீங்க. அவளும் என் பிள்ளைதான். ஊத்துத் தண்ணியை மூணு பேரும் முறை வெச்சுக்குங்க.”

முதல் மூன்று காரணங்களும் நல்லவை. குழி வெட்டியதை ஊர் அறியும்; நிலம் விற்றதற்குக் கிரயப் பத்திரம் இருக்கிறது. “சின்னவன் என்னைக் கவனிக்கவில்லை” என்று எழுதியிருந்தால், அவன் அனுப்பிய பணத்தின் ரசீதுகளோடு வந்து நிற்பான். தகப்பன் தெளிந்த புத்தியோடு இருந்தாரா என்ற கேள்வி அங்கிருந்தே கிளம்பும்.

சிக்கல் கடைசி வரியில் இருக்கிறது. அது காரணமல்ல, உரிமை வழங்குவது. ஊற்று மூத்தவன் பங்கில் இருக்கிறது. அவன் நாளை தோட்டத்தை விற்றால், கடிதத்தில் சொன்ன தண்ணீர் முறை வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது. முறைநாள், குழாய் போகும் பாதை, மகளின் ஐம்பது சென்டுக்கு அண்ணன் தோட்டத்தின் வழியே போகும் நடைபாதை, அதன் அகலம் எல்லாம் உயிலில், நான்கு எல்லையோடு வர வேண்டும். உட்பிரிவு ஆகாத ஒரே சர்வே எண்ணில் “மேல்பாகம், கீழ்பாகம்” என்று எழுதினால் மலைச்சரிவில் அது சண்டைக்கு அழைப்பு. ஒரு வரைபடம் இணையுங்கள்.

கடிதத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்காதீர்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டுவிட்டால், நிலத்தைப் பற்றிப் பேசும் அந்தத் தாளை உயிலின் திருத்தம் என்று ஒருவர் வாதிட இடம் உண்டு. உயிலின் தேதியைக் குறிப்பிட்டு, “இது விளக்கம் மட்டுமே, எவருக்கும் எதையும் இதனால் வழங்கவில்லை” என்று ஒரு வரி சேருங்கள். எழுதத் தெரிந்தவரானால் அவர் கைப்பட, அவர் பேச்சிலேயே இருக்கட்டும். நம் நடை புகுந்தால் அது நம் கடிதமாகிவிடும்.

வழக்கு வந்தால் இதற்கு எடை உண்டு. சந்தேகச் சூழ்நிலைகளை உயிலை முன்வைப்பவரே நீக்க வேண்டும் என்று 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இயல்பான வாரிசுக்குக் குறைத்தது மட்டுமே சந்தேகமாகாது என்று 1995-இல் ரவீந்திரநாத் முகர்ஜி வழக்கில் கூறியது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில், ஏன் குறைத்தேன் என்று தகப்பனே சொன்ன தாள் கைகொடுக்கும். உயிலை மெய்ப்பிக்கும் வேலையை மட்டும் அது செய்யாது. அதற்குச் சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். எனவே தகப்பன் வயதுக்காரர்களைத் தவிர்த்து, உள்ளூரிலேயே இருக்கும் இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள்.

உயிலை அவர் பின்னால் மாற்றினால், கடிதத்தையும் அன்றே புதிதாக எழுதவைத்து, பழைய பிரதிகளைப் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கச் சொல்லுங்கள். பழைய கடிதம் ஒன்று மூத்தவன் பெட்டியில் தங்கிவிட்டால், மகளுக்கு எழுதிய ஐம்பது சென்டை எதிர்த்து அவன் முதலில் நீட்டுவது அதைத்தான்.