ராஜினாமாவில் முதலில் பார்க்க வேண்டிய பிழை

கொல்லிமலை செம்மேட்டில், வருவாய்த் துறையில் வேலை பார்க்கும் இளநிலை உதவியாளர் ஒருவர் ராஜினாமா எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குரூப் 4 எழுதி வேலைக்கு வந்தவர், இப்போது குரூப் 2 தேர்விலும் தேறிவிட்டார். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் எழுத்தும் இலக்கணமும் சரிபார்க்க நினைக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் அலுவலகங்களில் அந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் ஒற்று மிகுமா, மிகாதா என்பதோடு நின்றுவிடுகிறது. ராஜினாமாவுக்கு அது போதாது.

"பணியிலிருந்து விலகுகிறேன்" என்பதைப் "பனியிலிருந்து விலகுகிறேன்" என்று எழுதினால், மார்கழியில் மலையேறிய எவரும் சிரிப்பார்கள். ஆனால் பொருள் யாருக்கும் மாறிப்போகாது. அதே கடிதத்தில் "விலகுகிறேன்" என்பதற்குப் பதில் "என்னை விலக்குமாறு வேண்டுகிறேன்" என்று எழுதிவிட்டால், தானாகப் போகிறவர் நீக்கச் சொல்லிக் கேட்டவர் ஆகிவிடுகிறார். "விடுவிப்பு" வேண்டிய இடத்தில் "விடுப்பு" விழுந்தால், போகிறவர் திரும்பி வருவார் என்று பொருள். இவை எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினிப் பிழைதிருத்தி இவற்றின் அடியில் சிவப்புக் கோடு போடாது. மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இன்னும் பெரிய ஆபத்து வினைமுற்றிலும் "ஆல்" விகுதியிலும் இருக்கிறது. அலகாபாத் கமலா நேரு நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய ஒரு மருத்துவர், தன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை எதிர்த்து 1999-இல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். நடவடிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், அதை ஏற்காவிட்டால் உடனே ராஜினாமா செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பது அதன் சாரம். நிர்வாகம் அதையே ராஜினாமாவாகக் கொண்டு ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபந்தனையோடு வந்த அந்தக் கடிதம் ராஜினாமாவே அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இலக்கணத்தில் துளிப் பிழை இல்லாத வாக்கியம், ஆண்டுக்கணக்கில் ஒரு வழக்காக நீண்டது.

தேதியும் அப்படித்தான். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே மாதம் எழுதிய ராஜினாமாவில், அது ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வரும் என்று குறித்திருந்தார். ஜூலையில் மனம் மாறித் திரும்பப் பெற்றார். குறித்த நாள் வரும் முன் திரும்பப் பெற்றது செல்லும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்கால நாள் ஒன்றைக் குறித்திருந்ததுதான் அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது.

ஆகவே செம்மேட்டு உதவியாளர் கடிதத்தை நான்கு கேள்விகளோடு படிக்க வேண்டும். யாருக்கு எழுதியிருக்கிறது? தமிழ்நாட்டுப் பணி விதிகளின்படி ராஜினாமா நேராக நியமன அலுவலருக்குப் போக வேண்டும். உடனடி மேலதிகாரிக்கு நகல் போதும். இவருக்கு நியமன அலுவலர் நாமக்கல்லில் இருக்கும் மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர் அல்ல. எந்த நாளிலிருந்து? விதி கேட்பது மூன்று மாத முன்னறிவிப்பு. "உடனடியாக" என்று எழுதுவது அதோடு மோதும். "ஆல்", "இல்லையெனில்" எங்காவது இருக்கிறதா? மனக்குறை இருந்தால் அதைத் தனி மனுவாக எழுதட்டும். கடைசியாக, ஏன்? வேறு அரசுப் பணியில் சேர, உரிய அனுமதியுடன் விலகுபவருக்கும் சும்மா விலகுபவருக்கும் விதிகள் வேறுபாடு வைத்திருக்கின்றன. 1978-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில், வெறும் ராஜினாமா முந்தைய பணிக்காலத்தையே அழித்துவிடும். "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வழக்கமான வரியை எழுதினால், குரூப் 2 வேலைக்குப் போகிறவர் தன் உரிமையைத் தானே மறைத்துக்கொள்கிறார்.

அப்படியானால் அச்சடித்த படிவம் ஒன்றை அரசே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நாம் அதை ஏற்கவில்லை. பெயரும் கையொப்பமும் மட்டும் நிரப்பினால் போதும் என்ற தாளை, மிரட்டி வாங்குவது எளிது. கடைநிலையில் இருப்பவருக்கு, சொந்தச் சொற்களில் எழுதிய கடிதமே பாதுகாப்பு. அதே காரணத்தால், திருத்துகிறவரும் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. "இப்படி மாற்றி எழுதிக் கொடு" என்று அவர் சொல்லும் வாக்கியத்தில் யாருடைய விருப்பம் இருக்கிறது என்று பின்னால் எவராலும் பிரித்தறிய முடியாது.

எழுத்துப் பிழையைக் காட்டி ராஜினாமாவைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் தேவையற்றது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போன கடிதம் ஓர் ஒற்றுக்காகத் திரும்பி மலையேறினால், முன்னறிவிப்புக் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே தகராறாகும். பொருள் தெளிவாக இருந்தால் வந்த நாளிலேயே பதிவு செய்ய வேண்டும். பொருளில் ஐயம் இருந்தால், எழுதியவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்ட பிறகே ஏற்பாணை போட வேண்டும். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவிலும் எழுதி ஒட்டுவதற்கு அரசாணை கூடத் தேவையில்லை. ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை நாமக்கல் மாவட்டமே முதலில் செய்யட்டும்.