வாய் திறக்காத முகம்

சீரியல் பார்த்து அழுகிற பெண்களைக் கேலி செய்வது படித்தவர்களின் பழைய பொழுதுபோக்கு. அந்தக் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். அழுவது மட்டமான ரசனை அல்ல. சீரியலோடு எனக்குள்ள சண்டை வேறு: அது பெண்ணின் மௌனத்தை வைத்துப் பிழைக்கிறது.

மெலோடிராமா என்றால் இசையோடு கூடிய நாடகம். 1800இல் பாரிசில் பிக்ஸெரெகூர் எழுதிய 'செலினா' நாடகத்தில் நாக்கு அறுக்கப்பட்ட ஒரு தகப்பன் வருகிறான். தனக்குக் கொடுமை செய்தவன் யாரென்று அவனால் வாய் திறந்து சொல்ல முடியாது. சைகையும் இசையும் அவனுக்காகப் பேசுகின்றன. மூன்று அங்கங்கள் முடிவதற்குள் உண்மை வெளியே வந்துவிடுகிறது. பேச்சைப் பறிகொடுத்தவருக்கு அதைத் திருப்பித் தருவதே அந்த வடிவத்தின் நியாயம்.

நம் சீரியல் நாயகிக்கு நாக்கு இருக்கிறது. கதைதான் அதைக் கட்டிப்போடுகிறது. கதவோரம் பாதி கேட்ட பேச்சு, கைமாறிப் போன கடிதம், குடும்ப மானத்துக்காக மறைத்த உண்மை என்று சிக்கல் எதுவானாலும், அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவிழ்ந்துவிடும். சொல்ல வாயெடுக்கும்போது செல்போன் அடிக்கும். இல்லையென்றால் மாமனாருக்கு நெஞ்சு வலிக்கும். இரண்டும் நடக்காவிட்டால் 'அவர் தாங்க மாட்டார்' என்று அவளே விழுங்கிவிடுவாள். இந்த மூன்றாவதுதான் ஆபத்து. முதல் இரண்டும் தற்செயல். இது குணமாகக் காட்டப்படுகிறது. அந்த வாக்கியம் வெளிவராதவரை கதை ஓடும். ஓட்டத்துக்குத் தேவையான ஒன்றுக்குப் பொறுமை, பண்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த மௌனத்தை நிரப்புவது குளோசப். கூடத்தில் ஒரு பெண் அறை வாங்குகிறாள் என்று வையுங்கள். அதே அறை மூன்று கோணங்களில் மூன்று முறை விழுகிறது. பிறகு சுற்றி நிற்கும் எட்டுப் பேரின் முகங்கள். முகத்துக்கு 4 நொடி என்றாலும் ஒரு சுற்றுக்கு 32 நொடி. இரண்டு சுற்று வந்தால் ஒரு நிமிடம் தாண்டிவிடும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இதில் சிக்கனமும் இருக்கிறது. தனி முகத்தை எடுக்க வீட்டின் ஒரு மூலை போதும். எட்டு நடிகர்களும் ஒரே நேரத்தில் அங்கே நிற்க வேண்டியதில்லை.

ஆனால் குளோசப் எதை வெட்டுகிறது என்று கவனியுங்கள். அடிபட்டவளின் கைகள் சட்டகத்துக்கு வெளியே போகின்றன. கால்களும், அவள் நடந்து வெளியேறக்கூடிய வாசலும் போகின்றன. முகம் மட்டுமே உள்ளவள் எங்கே போவாள்? சுற்றி வரும் எட்டு முகங்களும் பஞ்சாயத்தாக உட்கார்ந்துவிடுகின்றன. அவள் பேச வேண்டிய இடத்தில் இசை பேசுகிறது. அவளுக்கு இழையும் புல்லாங்குழல், வில்லிக்கு இடி. யார் நல்லவள் என்ற தீர்ப்பு, வழக்கைக் கேட்பதற்கு முன்பே வாசிக்கப்பட்டுவிடுகிறது.

விராலிமலையில் இதற்கு நேர் எதிரான ஒரு மரபு இருந்தது. இங்கே முருகன் கோயிலில் ஆடிய 32 தேவரடியார்களில் ஒருவரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் சதிர் ஆடும்போது பாட்டையும் அவரே பாடுவார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அந்த வழக்கத்துக்காக நான் ஏங்கவில்லை. நான் சொல்வது கலையின் அமைப்பை. முகம், கை, கால், குரல் எல்லாம் ஒரே உடலில் இருந்தன. அவள் துயரத்துக்கு இன்னொருவர் பின்னணி இசை போட வேண்டியிருக்கவில்லை.

'எதிர்நீச்சல்' வேறு மாதிரி இல்லையா என்று மாணவிகள் கேட்கிறார்கள். 2022 முதல் 2024 வரை சன் டிவியில் வந்த, திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடரில் படித்த மருமகள்கள் ஆதி குணசேகரனின் அதிகாரத்தை எதிர்த்தார்கள். பழியை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டாமல் குடும்பத் தலைவன் மேல் வைத்தது பெரிய மாற்றம்தான். ஆனாலும் மீமாகி ஊரெங்கும் சுற்றியது மருமகள்களின் பதில் அல்ல, அவர்களை அவர் அதட்டிய குரல். மாரிமுத்துவின் நடிப்பு ஒரு காரணம். வடிவம் இன்னொரு காரணம்: அவருக்கு நீளமான பேச்சு, பெண்களுக்கு அதைக் கேட்கும் முகங்கள். கதை மாறியது, கேமரா மாறவில்லை.

ஆகவே சீரியலை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை முழுக்க அடக்கிவிட்டு, பெண்ணின் கை எத்தனை முறை தெரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு சத்தத்தோடு பார்த்து, அடி விழுந்ததிலிருந்து அவள் முதல் வார்த்தை பேசுவதுவரை எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நொடிகளில்தான் விளம்பரதாரரின் பணம் இருக்கிறது. அவற்றை அவளிடம் திருப்பிக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. அப்புறம் அவள் அழட்டும், கத்தட்டும், கதவைச் சாத்திக்கொண்டு போகட்டும். அதுவும் மெலோடிராமாதான்.