பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர்

2023 பிப்ரவரி 26 அன்று அண்ணா பல்கலைக்கழக அரங்கில் நடந்த விழாவை வாசகர்கள் அறிவீர்கள். இசையமைப்பாளர் தேவா உட்படப் பலருக்கு அங்கே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, அரங்கைக் கேட்டு வாங்கிய ஒரு தனியார் அமைப்பு. தங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று துணைவேந்தர் வேல்ராஜ் போலீசில் புகார் கொடுத்தார். நம்பி மேடையேறியவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் நாதஸ்வர, தவில் கலைஞர்களின் பெயர்களை மாதந்தோறும் அச்சிடும் நாம் இனியும் பேசாமல் இருக்க முடியாது.

யு.ஜி.சி. சட்டம், 1956-இன் 22-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். டிரஸ்டும் கவுன்சிலும் அகாடமியும் 'கௌரவம்' என்று முன்னால் சேர்த்துக்கொண்டாலும் அந்த அதிகாரம் வந்துவிடாது. இந்தப் பிரிவு பட்டம் கொடுப்பவரைத்தான் பிடிக்கிறது, போட்டுக்கொள்பவரை அல்ல.

முறையான பல்கலைக்கழகம் தரும் கௌரவப் பட்டத்தின் கதை வேறு. அது உண்மையான மரியாதை. ஆனாலும் அதற்கு ஆய்வேடு இல்லை, வாய்மொழித் தேர்வு இல்லை. பத்ம விருதைப் பெயரோடு சேர்த்துப் போடக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கௌரவ டாக்டரை வழக்கத்திடம் விட்டிருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் உ.வே.சாமிநாதையருக்குப் பட்டம் அளித்தது. ஊரே அவரை டாக்டர் என்றது. பாலமுரளிகிருஷ்ணாவையும் அப்படித்தான் அழைத்தோம். ஊர் அன்பாக அழைப்பது ஒன்று. கலைஞர் தன் விசிட்டிங் கார்டில் தானே அச்சடித்துக்கொள்வது வேறொன்று.

சென்ற கார்த்திகை பிரம்மோற்சவத்தின்போது, பஞ்சமி தீர்த்தத்துக்கு முதல் நாள், ஒரு தவில் வித்வான் திருச்சானூரில் என் வீட்டுக்கு வந்தார். விரல்களில் தவில் கூடுகளைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்து, "அய்யா, அடுத்த இதழ்லேர்ந்து டாக்டர்னு போடணும்" என்றார். பொன்னிற முத்திரை, அமெரிக்கப் பெயரில் ஒரு நிறுவனம். அடியில் பொடி எழுத்தில் ஒரு டிரஸ்ட் பதிவு எண், உத்யம் பதிவு எண், ஐ.எஸ்.ஓ. எண். டிரஸ்ட் எண் பத்திரப் பதிவுக்கு, உத்யம் எண் சிறு தொழிலுக்கு, ஐ.எஸ்.ஓ. நிர்வாக முறைக்கு. பட்டம் தரும் உரிமைக்கு அதில் ஒரு வரியும் இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம் என்றும் இல்லை, பதிவாளர் கையெழுத்தும் இல்லை. அங்கிக்கும் மண்டபத்துக்கும் என்று 25,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கோயில் வாசலில் மேளம் கட்டிச் சேர்த்த பணம் அது. "போட முடியாதப்பா" என்றேன். சான்றிதழை மெதுவாகத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவரை அந்த மண்டபம் வரை போக வைத்தது யார்? பல்கலைக்கழகங்களின் கௌரவப் பட்டங்கள் அரசியல் தலைவர்களுக்கும் திரைக்கலைஞர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் போகின்றன. மல்லாரியின் ஜதிகளைக் காலம் தப்பாமல் காத்துவரும் ஒரு தவில்காரரை எத்தனை செனட்டுகள் நினைத்துப் பார்த்திருக்கின்றன? நாற்பது ஆண்டு வாசித்தவர், சிஷ்யர்களை ஆளாக்கியவர், ஒரு அரசுப் பாடசாலையில் சொல்லிக் கொடுக்கப் போனால் முதலில் கேட்கப்படுவது சான்றிதழ்தான். உண்மையான கதவைச் சாத்திவிட்டு, போலிக் கதவைத் தட்டியதற்காக அவரை மட்டும் குறை சொல்வது எந்த நியாயம்? போலிக் கதவைத் திறந்து வைத்தவனுக்கு 24-ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய். அவரிடம் வாங்கியதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் நம் ஆந்திராவின் குண்டூரும் விசாகப்பட்டினமும் இருக்கின்றன. ஆனால் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லையே தொடாமல் கவுன்சில் என்றும் அகாடமி என்றும் கடை விரிப்பவர்களுக்கு எந்தப் பட்டியல்?

நம் முடிவு இது. ஆய்வு செய்து பிஎச்.டி. பெற்றவர்கள், மருத்துவர்கள் ஆகியோரின் பெயருக்கு முன்னால் மட்டும் டாக்டர் என்று போடுவோம். சட்டப்படியான பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்தை, பல்கலைக்கழகத்தின் பெயரோடும் ஆண்டோடும் கலைஞர் குறிப்பில் எழுதுவோம்; பெயருக்கு முன்னால் அல்ல. மற்றவை விளம்பரப் பக்கத்திலும் வராது. அழைப்பு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ் பட்டம் தருகிறீர்கள், எதற்குப் பணம்? முறையாகத் தேர்ந்தெடுத்து அழைக்கும் பல்கலைக்கழகம் அங்கிக்கும் மண்டபத்துக்கும் உங்களிடம் காசு கேட்காது.

அந்தத் தவில் வித்வானின் பெயர் இந்த இதழின் கச்சேரிப் பக்கத்தில் இருக்கிறது, அவருடைய குருநாதர் பெயரோடு. நாம் தரக்கூடிய முன்னெழுத்து அதுதான்.