‘நன்றாக இருக்கிறது’ என்றால் போதுமா?

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவரிடம், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வரைந்த படத்தைக் காட்டி, “இந்தப் படத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் “நல்லா இருக்கு” என்ற பதில் வரும். சில வேளைகளில் “நல்லா இல்லை” என்று வரும். முதல் பதில் கேட்பவரை மகிழ்விக்கிறது, இரண்டாவது வருத்துகிறது. ஆனால், அடுத்து என்ன செய்யலாம் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

எட்டு வயதுப் பிள்ளைகள் ஒருவர் படைப்பைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்லக்கூடாது என்பது சிலரின் எண்ணம். பிள்ளைகளின் மனம் புண்படும் என்றும், திருத்துவது ஆசிரியரின் வேலை என்றும் அவர்கள் கூறுகின்றனர். இந்த அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், அந்த வயதுப் பிள்ளைகளால் அன்பாகவும் பயனுள்ள வகையிலும் கருத்துச் சொல்ல முடியும் என்பதே என் கருத்து. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. நீச்சலைக் கற்றுக்கொடுப்பதுபோல் இதையும் படிப்படியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கருத்தைக் கேட்ட பிள்ளைக்குத் தன் படைப்பை மீண்டும் செய்ய உடனே நேரம் தர வேண்டும். இரண்டாவது நிபந்தனையைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இது முடியும் என்பதற்கு உலகெங்கும் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி என்னும் நகரில் ஆஸ்டின் என்ற சிறுவன் முதல் வகுப்பில் படித்தான். அவன் ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைய வேண்டியிருந்தது. முதல் முறை அவன் புகைப்படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. சிறு பிள்ளைகள் வழக்கமாக வரைவதுபோல் வளைவான இறக்கைகளை உடைய ஏதோ ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்தான். அவனுடைய வகுப்புத் தோழர்கள் படத்தையும் புகைப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். முதலில் இறக்கைகளின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசினர். வடிவம் சரியான பிறகே, இறக்கைகளின் மேலுள்ள கோடுகளைப் பற்றிப் பேசினர். ஆஸ்டின் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்தான். வண்ணம் தீட்டிய ஆறாவது படம், அறிவியல் நூலில் இடம்பெறத்தக்க படம்போல் அமைந்தது.

இந்தப் படங்களை மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கியவர் ரான் பெர்கர் என்ற ஆசிரியர். கருத்துரை அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவுவதாக இருக்க வேண்டும் என்பவை அவர் வலியுறுத்தும் மூன்று விதிகள். இவற்றுள் ‘குறிப்பாக’ என்பதே மற்ற இரண்டையும் தாங்கி நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். “இறக்கையின் நுனி புகைப்படத்தில் கூர்மையாக இருக்கிறது, உன் படத்தில் வட்டமாக இருக்கிறது” என்று ஒரு பிள்ளை சொன்னால், பேச்சு இறக்கையைப் பற்றியது. வரைந்தவனைப் பற்றியது அன்று. அதனால் மனம் புண்பட இடம் குறைகிறது. அடுத்து எதை மாற்றுவது என்பதும் தெரிகிறது.

இதை நம் சிங்கப்பூர் வகுப்பறையில் எப்படித் தொடங்குவது? முதல் பயிற்சிக்கு எந்த மாணவரின் படைப்பையும் எடுக்கக்கூடாது. ஆசிரியரே ஒரு படத்தை வரைந்து வரலாம். லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் இருக்கிறது. பல வண்ணங்கள் தீட்டப்பட்ட அந்த இரண்டு மாடி வீட்டைப் பல பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆசிரியர் அதை ஒரே மாடியோடு, ஒரே வண்ணத்தில் வரைந்து, பக்கத்தில் வீட்டின் புகைப்படத்தையும் ஒட்டலாம். “இன்று வீட்டின் வடிவத்தை மட்டும் பார்ப்போம். எது சரியாக இருக்கிறது? எதை மாற்றலாம்?” என்று கேட்கலாம். வண்ணத்தைப் பற்றி யாராவது சொன்னால், “அது அடுத்த முறைக்கு” என்று ஒதுக்கி வைக்கலாம். பிறகு, பிள்ளைகள் சொன்னபடி அவர்கள் கண் முன்னாலேயே மீண்டும் வரைய வேண்டும். தாங்கள் சொன்ன சொல் ஒரு படத்தை மாற்றுவதை அவர்கள் நேரில் காண்பார்கள். ஆசிரியர் கோபப்படாமல் கேட்டுக்கொள்வதையும் காண்பார்கள்.

படத்துக்குப் பக்கத்தில் புகைப்படம் இருக்கிறது, ஒப்பிடுவது எளிது. எழுத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே, எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது, படிப்பவரின் மனத்தில் என்ன தோன்றியது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சிறுமி இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

“நான் அம்மாவுடன் தேக்கா சந்தைக்குச் சென்றேன். அங்கே நிறைய பொருள்கள் இருந்தன. நாங்கள் மீன் வாங்கினோம். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.”

“இன்னும் நன்றாக எழுது” என்று தோழன் சொன்னால் அவளுக்கு ஒன்றும் புரியாது. மாறாக, அவன் இப்படிச் சொல்லலாம்: “நீங்கள் மீன் வாங்கியதை எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடித்திருக்கிறது. எதற்குச் சந்தைக்குப் போனீர்கள் என்று தெரிந்தது. ஆனால், ‘நிறைய பொருள்கள்’ என்று படித்தபோது என்னால் எதையும் கற்பனை செய்ய முடியவில்லை. மீன் கடையில் நீ என்ன பார்த்தாய்?”

அவள் வாயால் பதில் சொல்வாள். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னால், இரண்டாம் முறை எழுதியது இவ்வாறு அமையலாம்:

“நான் அம்மாவுடன் தேக்கா சந்தைக்குச் சென்றேன். மீன் கடையில் தரை ஈரமாக இருந்தது. மீன்காரர் கத்தியால் செதில்களைச் சீவினார். ஒரு செதில் பறந்து வந்து என் கையில் ஒட்டிக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன்.”

செதிலைப் பற்றி எழுது என்று தோழன் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்ட கேள்விதான் அவளுடைய நினைவிலிருந்து அதை வெளியே கொண்டுவந்தது. எழுத்தைப் பொறுத்தவரை, நல்ல கருத்துரை பல நேரங்களில் ஒரு கேள்வியாகவே இருக்கிறது.

தமிழ் வகுப்பில் இன்னொரு தடையும் உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மனத்தில் இருந்தாலும், தமிழில் சொற்கள் உடனே வருவதில்லை. அதனால் “நல்லா இருக்கு” என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மூன்று தொடக்கங்களைப் பலகையில் எழுதிவைக்கலாம்: “எனக்குப் பிடித்த இடம்...”, “எனக்குப் புரியாத இடம்...”, “நீ இதைச் சேர்த்தால்...”. மீதியைப் பேச்சுத் தமிழில் சொல்லட்டும்.

இந்த முறையிலும் தவறுகள் நேரும். முதலாவது, பிள்ளைகள் எழுத்துப்பிழைகளைத் தேடத் தொடங்குவது. லகர, ளகர, ழகர வேறுபாடு பிழையென்று எளிதில் கண்ணில் படும். ஐந்து பிழைகளைச் சுட்டிக்காட்டிய சிறுவன், கதையைப் படிக்காமலே இருந்திருக்கலாம். அவன் சுட்டிக்காட்டியதே தவறாகவும் இருக்கலாம். ஆகவே, எழுத்துப்பிழையையும் இலக்கணத்தையும் ஆசிரியரிடம் விட்டுவிட வேண்டும். இரண்டாவது, உதவுகிறேன் என்று சொல்லித் தோழனின் தாளில் தானே வரைந்துவிடுவது. இதற்கு ஓர் எளிய விதி போதும்: பென்சில் எப்போதும் படைத்தவரின் கையில்தான் இருக்க வேண்டும். எந்தக் கருத்தை ஏற்பது என்று முடிவு செய்பவரும் அவரே. மூன்றாவது, “என்னுடையதைப் போல் செய்” என்று ஒப்பிடுவது. அப்போது பேச்சு படைப்பை விட்டுவிட்டு, யார் சிறந்தவர் என்ற போட்டிக்குத் தாவிவிடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சிலர் கேட்கலாம். ஒரே பாடவேளையில் இரண்டு படைப்புகளைச் செய்யச் சொல்வதைவிட, ஒரே படைப்பை இரண்டு முறை செய்யச் சொல்லலாம் என்பதே என் பதில். 2019ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கிடப்படும் தேர்வுகள் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் முதல் முயற்சி மதிப்பெண்ணோடு முடிந்துவிட வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தை இரண்டாம் முயற்சிக்குப் பயன்படுத்தலாமே!

பயிற்சி பயனளித்ததா என்பதை அறியப் பிள்ளைகள் புன்னகைக்கிறார்களா என்று பார்த்தால் போதாது. முதல் படைப்பையும் இரண்டாம் படைப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடம் மாறியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். அந்த மாற்றத்துக்குக் காரணமான சொல்லையும் பிள்ளை நினைவுகூர வேண்டும். இரண்டு தாள்களும் ஒரே மாதிரி இருந்தால், குறை வரைந்த பிள்ளையிடம் இல்லை. கருத்து பொதுவாக இருந்திருக்கும். அல்லது ஒரே நேரத்தில் பல கருத்துகள் வந்து குவிந்திருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் இதற்குத் தயாராக மாட்டார்கள். தன் படத்தைக் காட்டவே தயங்கும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தக்கூடாது. ஒரே ஒரு தோழனிடம் காட்டச் சொன்னால் போதும். அதுவும் முடியாவிட்டால், மற்றவர்களின் படைப்பைப் பற்றிப் பேச மட்டும் விடலாம்.

உங்கள் தம்பியோ தங்கையோ நாளை ஒரு படத்தை நீட்டி, “நல்லா இருக்கா?” என்று கேட்டால், ‘ஆமாம்’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, இன்னொரு வெள்ளைத் தாளையும் கொடுங்கள்.